தட்டையான ஆறு அணுக்கள்

சங்கிலியின் கதை – 11

1952 மே 1. லண்டன் பிக்காடில்லியில் பர்லிங்டன் ஹவுஸ். ராயல் சொசைட்டி அப்போது அங்கேதான் இருந்தது. புரதங்களின் அமைப்பைப் பற்றி அன்று ஒரு கலந்துரையாடல். யாருடைய கருத்தை ஒட்டியும் வெட்டியும் பேச எல்லோரும் வந்திருந்தார்களோ, அவர் மட்டும் வரவில்லை. லைனஸ் பாலிங்குக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை பாஸ்போர்ட் தர மறுத்துவிட்டது. அவருடைய அரசியல் கருத்துகள் அதற்குப் பிடிக்கவில்லை. அவர் சார்பில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து பேசியவர், அவருடன் பணியாற்றிய ராபர்ட் கோரி.

லீட்ஸ் நகரத்து ஆஸ்ட்பரி கம்பளி இழையை எக்ஸ் கதிரில் காட்டி, அச்சுத் திசையில் 5.1 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியைக் குறிக்கும் புள்ளியைப் பிடித்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்றால் மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு புரதச் சங்கிலி எப்படிச் சுருண்டிருக்கும் என்று கண்டுபிடிக்க இரண்டு குழுக்கள் முயன்றன. ஒன்று கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் பிராக், ஜான் கென்ட்ரூ, மாக்ஸ் பெரூட்ஸ் மூவரும். மற்றொன்று பாலிங்கும் கோரியும்.

கேம்பிரிட்ஜ் மூவர் 1950இல் ராயல் சொசைட்டியின் இதழில் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார்கள். சாத்தியமான சுருள்களை ஒவ்வொன்றாக வரைந்து, எது பொருந்தும் என்று அலசிய கட்டுரை. அதில் சரியான சுருள் மட்டும் இல்லை. காரணம் இரண்டு. ஒரு சுற்றுக்கு அமினோ அமிலங்கள் முழு எண்ணிக்கையில்தான் வரவேண்டும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது முதல் காரணம். ஒரு குறிப்பிட்ட பிணைப்பைத் தங்கள் விருப்பம்போல் முறுக்கிப் பார்த்தது இரண்டாவது காரணம். அந்தப் பிணைப்பு முறுகாது. ஆறு மாதம் கழித்து, 1951 ஏப்ரலில், பாலிங்கும் கோரியும் அந்த இரண்டையும் சரியாக எடுத்துக்கொண்டு ஆல்ஃபா சுருளை அறிவித்தார்கள். ஒரு சுற்றுக்கு 3.7 அமினோ அமிலங்கள். இன்றைய கணக்கில் 3.6.

வேதியியலாளர் அலெக்சாண்டர் டாட் அதே கேம்பிரிட்ஜில்தான் இருந்தார். பாலிங்கின் கட்டுரை வந்த பிறகு பிராக் அவரிடம் போய்க் கேட்டபோது, அந்தப் பிணைப்பு தட்டையாகத்தான் இருக்கும், முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னாராம். தான் ஈடுபட்ட கட்டுரைகளிலேயே மிக மோசமாகத் திட்டமிட்டது 1950ஆம் ஆண்டுக் கட்டுரைதான் என்று பிராக் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

அந்தத் தட்டை எங்கிருந்து வருகிறது? அதை முதலில் பார்த்துவிடுவோம். சென்னை கிண்டிக்கும் அங்கிருந்து திரும்ப லண்டனுக்கும் நம்மை அழைத்துப் போகப்போவது அதுதான்.

முறுகாத பிணைப்பு

ஒரு அமினோ அமிலத்தின் கார்பனும் அடுத்த அமினோ அமிலத்தின் நைட்ரஜனும் கைகோக்கும் இடம்தான் பெப்டைடு பிணைப்பு. அந்தக் கார்பனோடு ஒரு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. நைட்ரஜனோடு ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே ஒற்றைக் கோடு போட்டிருப்பார்கள். ஒற்றைப் பிணைப்பு அச்சாணி மாதிரி, சுழலும். அப்படியானால் இதுவும் சுழல வேண்டுமே?

நைட்ரஜனிடம் எந்தப் பிணைப்பிலும் சேராத ஒரு ஜோடி எலக்ட்ரான் இருக்கிறது. பக்கத்திலேயே கார்பனிடமிருந்து எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் ஆக்சிஜன். நைட்ரஜனின் அந்த ஜோடி சும்மா இருப்பதில்லை, கார்பன் பக்கம் சாய்ந்து பரவுகிறது. அதனால் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பின் தன்மை ஓரளவு வந்துவிடுகிறது. கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு அந்த அளவுக்குத் தளர்கிறது. இது ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறி மாறித் தாவுவது அல்ல. எப்போதும் இரண்டும் கலந்த ஒரே நிலை. வேதியியலார் இதை உடனிசைவு என்பார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது, நீளத்தை அளக்க முடியும். சாதாரணக் கார்பன்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.47 ஆங்ஸ்ட்ராம். முழு இரட்டைப் பிணைப்பு என்றால் ஏறக்குறைய 1.27. கோரியும் அவருடைய சகாக்களும் 1930களின் கடைசியிலிருந்து சிறிய பெப்டைடுப் படிகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எக்ஸ் கதிரால் பொறுமையாக அளந்து வந்தார்கள். பெப்டைடு பிணைப்புக்கு அவர்களுக்குக் கிடைத்தது 1.32 ஆங்ஸ்ட்ராம் அளவு. இரண்டுக்கும் நடுவே, இரட்டைப் பிணைப்பின் பக்கம் சாய்ந்த எண். பாலிங் அதை ஏறக்குறைய 40 சதவீத இரட்டைத் தன்மை என்று கணக்கிட்டார்.

எலக்ட்ரான் இப்படிப் பரவுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நைட்ரஜனில் அந்த ஜோடி குடியிருக்கும் மடலும் கார்பனில் அதை வரவேற்கும் மடலும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். பிணைப்பை முறுக்கினால் மடல்கள் விலகும், பரவல் அறுந்துபோகும். அதனால்தான் கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், இருபுறமும் உள்ள இரண்டு ஆல்ஃபா கார்பன்கள் ஆக ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் படுத்திருக்கின்றன.

முறுக்கினால் எவ்வளவு செலவாகும்? முழுவதுமாக 90 பாகை முறுக்க ஒரு மோலுக்குச் சுமார் 20 கிலோ கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ள கோணங்களுக்கு அந்தக் கோணத்தின் சைனை வர்க்கப்படுத்தி 20ஆல் பெருக்கினால் போதும். 10 பாகை முறுக்க 0.6 கிலோ கலோரி ஆகிறது. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் இயல்பாகவே கையில் வைத்திருக்கும் சில்லறை கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் ஐந்து, பத்து பாகை முறுக்கு எங்கும் காணக்கூடியது. 30 பாகை முறுக்க 5 கிலோ கலோரி. வெப்பச் சில்லறையைப்போல எட்டு மடங்கு. அந்த நிலை காணப்படும் வாய்ப்பு தட்டை நிலையோடு ஒப்பிட நாலாயிரத்தில் ஒரு பங்கு. பெப்டைடு கண்ணாடித் தகடு அல்ல, கொஞ்சம் வளையும் கெட்டி அட்டை. 1950இல் கேம்பிரிட்ஜ் மூவர் அதைத் துணிபோல மடக்கிப் பார்த்தார்கள்.

தட்டையாக இருப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டு ஆல்ஃபா கார்பன்களும் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றால் அது டிரான்ஸ். ஒரே பக்கத்தில் நின்றால் சிஸ். டிரான்ஸில் அவற்றுக்கு இடையே 3.8 ஆங்ஸ்ட்ராம் தூரம் இருக்கிறது. சிஸ்ஸில் 2.9தான், முட்டிக்கொள்கின்றன. ஆகவே ஏறக்குறைய எல்லாமே டிரான்ஸ். புரோலினுக்கு முன்னால் வரும் பிணைப்பு மட்டும் விதிவிலக்கு. அங்கே நைட்ரஜனில் ஹைட்ரஜனுக்குப் பதில் இன்னொரு கார்பன் உட்கார்ந்திருப்பதால் எந்தப் பக்கம் போனாலும் நெரிசல்தான். அதனால் நூற்றில் ஐந்து போலச் சிஸ் ஆகிவிடுகிறது.

அட்டைகளின் சங்கிலி

வீட்டில் பழைய விசிட்டிங் கார்டுகள் நான்கைந்து இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டின் மூலையை அடுத்த கார்டின் மூலையோடு நூலால் கட்டுங்கள். மூன்றாவது கார்டை இரண்டாவதன் எதிர்மூலையில் கட்டுங்கள். இப்படியே தொடருங்கள். ஒவ்வொரு கார்டும் ஒரு பெப்டைடு, ஒவ்வொரு முடிச்சும் ஒரு ஆல்ஃபா கார்பன். கார்டை மடக்கக் கூடாது. அப்படியானால் சங்கிலியை வளைக்க முடிச்சு ஒன்றுதான் வழி.

நூல் முடிச்சு எந்தப் பக்கமும் வளையும், ஆல்ஃபா கார்பன் அப்படி இல்லை. அதற்கு முன்னால் உள்ள நைட்ரஜனோடு ஒரு ஒற்றைப் பிணைப்பு, பின்னால் உள்ள கார்பனோடு ஒரு ஒற்றைப் பிணைப்பு, இரண்டுக்கும் நடுவே சுமார் 110 பாகை. இந்த இரண்டு பிணைப்புகளும் சுழலும். முதலாவதைச் சுற்றிய கோணத்துக்கு ஃபை என்று பெயர், இரண்டாவதைச் சுற்றியதற்குச் சை. பெப்டைடு பிணைப்பைச் சுற்றிய மூன்றாவது கோணம் ஒமேகா, அது 180 பாகையிலேயே பூட்டிக்கிடக்கிறது.

தட்டையினால் கிடைத்த லாபம் இதுதான். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் மூன்று கோணங்களில் ஒன்று கழிந்து இரண்டே மிச்சம். இரண்டு எண்கள் என்றால் ஒரு கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி. சங்கிலியின் ஒரு அமினோ அமிலம் என்ன வளைவில் இருக்கிறது என்பதை ஒரு புள்ளியால் சொல்லிவிடலாம். ஒமேகாவும் சுழன்றிருந்தால் அந்தத் தாள் போதாது, ஒரு பெட்டி வேண்டியிருக்கும். இந்தத் தாளில் எங்கெல்லாம் புள்ளி விழலாம், எங்கெல்லாம் விழக் கூடாது என்ற கேள்வி லண்டனிலிருந்து கிளம்பிய வேறொரு கேள்வியிலிருந்து பிறந்தது.

பெர்னல் வந்து போனார்

பர்லிங்டன் ஹவுஸிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், டொரிங்டன் சதுக்கத்தில், பிர்க்பெக் கல்லூரியின் ஜே. டி. பெர்னல் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். புரதப் படிகத்தை உலரவிடாமல் ஈரத்தோடு எக்ஸ் கதிரில் காட்டினால்தான் தெளிவான படம் கிடைக்கும் என்று 1934இல் காட்டியவர் அவர். 1952இல் அவர் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக அந்த ஆண்டுதான் பொறுப்பேற்றிருந்தார் ஜி. என். ராமச்சந்திரன். வயது முப்பதைத் தொடும் நேரம். துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் சி. வி. ராமனைக் கேட்க, அவர் தன் மாணவரைக் கைகாட்டினார். எந்தச் சிக்கலை எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சில், கொல்லாஜனுக்கு இதுவரை சொன்ன அமைப்புகள் எதுவும் திருப்தியாக இல்லை என்று பெர்னல் சொல்லிவிட்டுப் போனார்.

கொல்லாஜன் தோலிலும் தசைநாணிலும் உள்ள புரதம். கிண்டியில் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் அதைப் படமெடுத்து, 1954 ஆகஸ்டில் லண்டனிலிருந்து வரும் நேச்சர் இதழில் மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பை அறிவித்தார்கள். மூன்று சங்கிலிகளும் உள்ளே நெருங்கும் இடத்தில் வேறு எந்த அமினோ அமிலத்துக்கும் இடமில்லை, பக்கக் கிளையே இல்லாத கிளைசினுக்குத்தான் உண்டு. கொல்லாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது முன்பே தெரிந்திருந்தது. அது ஏன் என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது. மறு ஆண்டு மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று கயிறுபோலச் சுற்றியிருக்கும் என்று திருத்தி எழுதினார்கள்.

உடனே இங்கிலாந்திலிருந்து இரண்டு மறுமொழிகள். 1955 நவம்பரில் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் எழுதினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து பாலின் கோவன், மெக்காவின், டோனி நார்த் மூவரும் தங்கள் அமைப்பை வெளியிட்டார்கள். கயிறுபோன்ற மூன்று சங்கிலி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கின்றன, அவ்வளவு நெருக்கம் ஏற்கத்தக்கதல்ல என்பது கிரிக்கும் ரிச்சும் வைத்த குற்றச்சாட்டு.

ராமச்சந்திரன் உள்ளூரக் கசந்திருப்பார். ஆனால் அந்தக் கசப்பிலிருந்து நேர்மையான ஒரு கேள்வி பிறந்தது. மிக நெருக்கம் என்றால் எவ்வளவு? பிணைப்பு இல்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? இதற்கு ஒப்புக்கொண்ட பட்டியல் ஒன்று அதுவரை இல்லை. அவரவர் தமக்குப் பொருந்திய எண்ணை எடுத்துக்கொண்டார்கள். ராமச்சந்திரனும் மாணவர் வி. சசிசேகரனும் அமினோ அமிலங்கள், சிறிய பெப்டைடுகள் என்று அதுவரை துல்லியமாகத் தீர்க்கப்பட்ட படிகங்களை எல்லாம் எடுத்து, பிணைப்பில்லாத அணுக்கள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று ஜோடி ஜோடியாகத் தேடினார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லைகள் வைத்தார்கள். சாதாரணமாகக் காணப்படுவது ஒன்று, அபூர்வமாக எட்டப்படுவது இன்னொன்று. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 1.9. ஆக்சிஜனுக்கும் கார்பனுக்கும் 2.8, கடைசி எல்லை 2.7. இதற்குக் கீழே போனால் முட்டல்.

ஒரு முட்டலைக் கணக்கிடுவோம்

எல்லைகள் கையில் வந்ததும் சி. ராமகிருஷ்ணன் கணக்கில் சேர்ந்தார். இரண்டு தட்டைப் பெப்டைடுகள், நடுவே ஒரு ஆல்ஃபா கார்பன். ஃபை, சை இரண்டையும் மாற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு நிலையிலும் இந்தப் பக்கத்து அணு அந்தப் பக்கத்து அணுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்ப்பது. பெப்டைடு தட்டை என்பதால் அதன் ஆறு அணுக்களின் இடமும் முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு நிலைக்கும் புதிதாக மாதிரி கட்ட வேண்டாம், இரண்டு கெட்டி அட்டைகளைத் திருப்பினால் போதும்.

ஒரு நிலையை நாமே போட்டுப் பார்க்கலாம். ஃபை 180 பாகை, சை 0. இந்த நிலையில் இரண்டு பெப்டைடுகளும் ஒரே தளத்தில் வந்துவிடும், ஆகவே ஒரு காகிதத்தில் வரைந்துவிடலாம். ஆல்ஃபா கார்பனை நடுவில் குறியுங்கள். வலப்பக்கம் 1.53 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் கார்பன். அதிலிருந்து 110 பாகை விலகி, மேலே இடப்பக்கம் சாய்ந்து, 1.47 தூரத்தில் நைட்ரஜன். அதன் ஹைட்ரஜன் ஒரு ஆங்ஸ்ட்ராம் நீளத்தில் வலப்பக்கம் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது வலப்பக்கக் கார்பனிலிருந்து மேல்நோக்கி 1.32 தூரத்தில் அடுத்த பெப்டைடின் நைட்ரஜன். அதன் ஹைட்ரஜன் இடப்பக்கம் மேலே நீட்டுகிறது. இரண்டு ஹைட்ரஜனும் நேருக்கு நேர். கணக்குப் போட்டால் இடையே 1.3 ஆங்ஸ்ட்ராம்தான் வருகிறது. கடைசி எல்லையே 1.9. அந்தப் புள்ளியை அடித்துவிட வேண்டியதுதான்.

ஃபையை 0 ஆக்கி, சையை 180 ஆக்கினால் இதேபோல் இரண்டு ஆக்சிஜன்களும் மோதும். இரண்டையும் 0 ஆக்கினால் முந்தைய பெப்டைடின் ஆக்சிஜன் அடுத்த பெப்டைடின் ஹைட்ரஜன் மீது போய் விழும். இப்படிப் பத்து பாகை இடைவெளியில் போனாலே 36 × 36, அதாவது 1296 நிலைகள். ஒவ்வொன்றிலும் பல ஜோடித் தூரங்கள். கம்ப்யூட்டர் இல்லாத கிண்டித் துறையில் மேசைக் கணக்குப்பொறியில் நடந்த வேலை இது.

முடிவு 1963இல் வந்தது. ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி, ஏழாம் தொகுதி, ஐந்தே பக்கம். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன். அந்த இதழை நடத்தியவர் கென்ட்ரூ, 1950ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூவரில் ஒருவர். மூலக் கட்டுரையைத் தேடி எடுத்துப் பார்ப்பவர்கள் கொஞ்சம் குழம்பக்கூடும். அதில் சை இல்லை, ஃபையும் ஃபை-டாஷும் இருக்கும். முழுக்க நீட்டிய சங்கிலியை 0 என்று எடுத்திருப்பார்கள். 1970 வாக்கில் அந்தப் பூஜ்யத்தை 180 பாகை நகர்த்தி இன்றைய முறையை ஏற்றுக்கொண்டார்கள்.

தாளில் மிஞ்சியது சில தீவுகள்தான். அலனின்போலப் பக்கக் கிளை உள்ள அமினோ அமிலத்துக்கு, கடைசி எல்லை வரை தாராளமாகக் கணக்கில் எடுத்தாலும் தாளில் கால் பங்குகூடத் தேறவில்லை. மீதி எல்லாம் தடை. ஃபை மைனஸ் 57, சை மைனஸ் 47 இருக்கும் தீவில் பாலிங்கின் ஆல்ஃபா சுருள். ஒவ்வொரு அமினோ அமிலமும் அந்த ஒரே புள்ளியில் உட்கார்ந்தால் சங்கிலி தானாகவே 3.6க்கு ஒரு சுற்றாகச் சுருண்டு, ஒவ்வொன்றுக்கும் 1.5 ஆங்ஸ்ட்ராம் உயர்கிறது. இன்னொரு பெரிய தீவு மேல் இடது மூலையில். ஃபை மைனஸ் 120ஐச் சுற்றியும் சை 120, 130ஐச் சுற்றியும் விரிந்திருக்கும் பீட்டா விரிப்பு அங்கே. அதே தீவின் வலக்கரையில், ஃபை மைனஸ் 70, சை 150 பக்கம் கொல்லாஜன். கிரிக்கின் குற்றச்சாட்டில் தொடங்கிய பயணம் கொல்லாஜனையும் அதே தாளில் ஒரு புள்ளியாக்கி முடித்தது. வலப்பக்கம் இன்னொரு சின்னத் தீவு, இடக்கைச் சுருளுக்கு.

கிளைசினுக்கு மட்டும் வேறு தாள். பக்கக் கிளையின் கார்பன் இல்லாததால் பல முட்டல்கள் காணாமல் போகின்றன, பாதித் தாளுக்கு மேல் திறந்துவிடுகிறது. புரோலின் நேர்மாறு. அதன் பக்கக் கிளை வளைந்து வந்து நைட்ரஜனோடே சேர்ந்து வளையமாகிவிடுவதால் ஃபை மைனஸ் 60, 70 பக்கமே கட்டுண்டு கிடக்கிறது. இருபது அமினோ அமிலங்களில் மிக இளகியதும் மிக இறுகியதும் கொல்லாஜனில்தான் அடுத்தடுத்து வருகின்றன.

ஆல்பிமார்ல் தெருவில் ஒரு சோதனை

1963இல் ஒரு புரதத்தின் அணு இடங்கள் ஓரளவு தெரியும் என்றால் அது கென்ட்ரூவின் மயோகுளோபின்தான். அதுவோ முக்கால்வாசி ஆல்ஃபா சுருள். ஒரே தீவில் குவிந்துகிடக்கும் புள்ளிகள் தாளின் மற்ற பகுதிகளைப் பற்றி அதிகம் சொல்லாது. பல விதமாக வளைந்த ஒரு புரதம் தேவைப்பட்டது.

அது லண்டனிலேயே கிடைத்தது. பிக்காடில்லியிலிருந்து பிரியும் ஆல்பிமார்ல் தெருவில் ராயல் இன்ஸ்டிடியூஷன். 1954 முதல் அதன் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர் லாரன்ஸ் பிராக். பெப்டைடை முறுக்கிப் பார்த்து ஏமாந்த அதே பிராக். அங்கே டேவிட் ஃபிலிப்ஸ் குழு கோழிமுட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைமின் அமைப்பை 2 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் தீர்த்து, 1965 மே மாதம் நேச்சரில் வெளியிட்டது. 129 அமினோ அமிலங்கள். அமைப்பு தெரிந்த முதல் நொதி. கட்டுரையின் ஆறு பெயர்களில் நார்த் ஒருவர். பத்து ஆண்டுக்கு முன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து கொல்லாஜன் பற்றி எழுதிய அதே நார்த். சர்மா என்ற ஓர் இந்தியப் பெயரும் உண்டு.

லைசோசைமில் சுருள் உண்டு, விரிப்பு உண்டு, இரண்டிலும் சேராத வளைவுகளும் உண்டு. அதன் கோணங்களைத் தாளில் குறித்துப் பார்த்தால் புள்ளிகள் தீவுகளுக்குள் திரள்கின்றன. வெளியே சிதறுபவற்றில் பெரும்பாலும் அதன் 12 கிளைசின்கள். சென்னையில் ஒரு புரதத்தையும் பார்க்காமல், சிறு படிகங்களிலிருந்து எடுத்த சில தூரங்களையும் ஒரு தட்டை அட்டையையும் வைத்துப் போட்ட கணக்கு அது.

கணக்கில் குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. அணுக்களைக் கெட்டிக் கோலிகளாக எடுத்துக்கொண்டார்கள், உண்மையில் அவை சற்று அமுங்கும். ஆல்ஃபா கார்பனில் உள்ள 110 பாகையை மாற்றாமல் வைத்தார்கள். அது 115 வரை திறந்தால் சுருள் தீவுக்கும் விரிப்புத் தீவுக்கும் நடுவே ஒரு பாலம் தோன்றுகிறது. உண்மைப் புரதங்களில் அந்தப் பாலத்தின் மீது புள்ளிகள் நிறையவே உண்டு. ஆகவே 1963இன் கரைகளைக் கல்லில் வெட்டிய கோடாக எடுத்துக்கொள்ளக் கூடாது, கடற்கரைபோலத்தான். ஆனால் நடுக்கடல் நடுக்கடல்தான்.

கேள்வி வீடு திரும்பியது

புரதப் படிகத்தின் எக்ஸ் கதிர்ப் படத்திலிருந்து கிடைப்பது அணுக்கள் அல்ல, எலக்ட்ரான் செறிவின் மங்கலான ஒரு மேகம். அதற்குள் சங்கிலியை நுழைத்துப் பொருத்துவது மனிதர் வேலை. மேகம் மங்கினால் பெப்டைடைத் தலைகீழாகப் புரட்டி வைத்துவிடலாம், ஆக்சிஜன் இருக்கவேண்டிய பக்கம் ஹைட்ரஜன் போய்விடும். டிரான்ஸைச் சிஸ்ஸாகக் கட்டிவிடலாம். வரிசையில் ஒரு அமினோ அமிலம் தள்ளி ஓட்டிவிடலாம். நீளங்களையும் கோணங்களையும் கம்ப்யூட்டரே இழுத்துச் சரி செய்துவிடும் என்பதால், அவற்றைப் பார்த்து இந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபையையும் சையையும் அப்போது வழக்கமாக யாரும் இழுத்துப் பிடிப்பதில்லை. ஆகவே தப்பு அங்கே வெளிப்பட்டுவிடும்.

1993இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ரோமன் லாஸ்கௌஸ்கி, மால்கம் மெக்ஆர்தர், ஜேனட் தார்ன்டன் மூவரும் பிர்க்பெக்கின் டேவிட் மாஸும் புரோசெக் என்ற நிரலை வெளியிட்டார்கள். ஒரு புரத அமைப்பைக் கொடுத்தால் அது முதல் பக்கத்தில் போடுவது ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான். மிக விரும்பத்தக்க இடம் சிவப்பு, அடுத்தது மஞ்சள், கடைசி எல்லை வெளிர் மஞ்சள், தடை வெள்ளை. கிளைசின்களுக்கு முக்கோணம், மற்றவற்றுக்குச் சதுரம். இந்தத் தீவுகளின் கரைகள் கோலிக் கணக்கிலிருந்து வந்தவை அல்ல, உண்மையில் தீர்க்கப்பட்ட புரதங்களைத் திரட்டி வரைந்தவை. 2 ஆங்ஸ்ட்ராமோ அதைவிட நுணுக்கமாகவோ தீர்த்த நல்ல அமைப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சிவப்பில் விழ வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவுகோல்.

வெள்ளையில் ஒரு சதுரம் விழுந்தால் உடனே தப்பு என்று தீர்ப்பு எழுதிவிடுவதில்லை. அந்த அமினோ அமிலத்தின் மேகத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள். மேகம் மங்கலாக இருந்தால் பெப்டைடைப் புரட்டி வைத்துப் பார்ப்பார்கள், பெரும்பாலும் சதுரம் உள்ளே வந்துவிடும். மேகம் தெளிவாக இருந்தும் வெளியே நின்றால், அந்த இடத்தில் புரதம் விலை கொடுத்து அப்படி வளைந்திருக்கிறது என்று பொருள். அது பெரும்பாலும் நொதியின் வேலை நடக்கும் இடமாகவோ இன்னொரு மூலக்கூறைப் பிடிக்கும் இடமாகவோ இருக்கும். ஒமேகாவுக்கும் இதே விசாரணைதான். 180இலிருந்து ஐந்தாறு பாகை விலகினால் யாரும் கவலைப்படுவதில்லை. 30 விலகினால், நாம் போட்ட அந்த நாலாயிரத்தில் ஒன்று கணக்கு நினைவுக்கு வரவேண்டும்.

சொன்ன அமைப்புகள் எதுவும் திருப்தியாக இல்லை என்று பெர்னல் 1952இல் சென்னையில் சொன்னார். திருப்தி என்பதை எப்படி அளப்பது என்று அப்போது அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. நாற்பத்தொரு ஆண்டு கழித்து அவருடைய கல்லூரியும் அதிலிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் உள்ள இன்னொரு கல்லூரியும் சேர்ந்து அதற்கு ஓர் எண் வைத்தன. அந்த எண்ணுக்கு அடியில் கிடந்த தாள் கிண்டியில் வரைந்தது. இடைப்பட்ட காலத்தில், 1977இல், ராயல் சொசைட்டி ராமச்சந்திரனைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது.

புரோலினுக்கு முன்னால் உள்ள பிணைப்பு சிஸ்ஸிலிருந்து டிரான்ஸுக்குத் திரும்ப அறை வெப்பநிலையில் பல வினாடிகள், சில நேரம் நிமிடங்கள்கூட ஆகும். சங்கிலியின் மற்ற பகுதிகள் கண் சிமிட்டுவதற்குள் மடிந்துவிடும்போது இந்த ஒரு மூட்டுக்காக முழுப் புரதமும் காத்திருக்கிறது. உயிரணு அவ்வளவு நேரம் காத்திருக்குமா? அந்தத் தட்டைப் பிணைப்பைத் திருப்பிவிடுவதற்கென்றே அதனிடம் தனி நொதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் மருந்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)